எண்ணற்ற அறைகள் கொண்ட ஓட்டல்: "முடிவிலி அறை தள்ளிப் போங்க" என்றால் என்ன தப்பு?

"1, 2, 3-னு முடிவில்லாம ரூம் இருக்கு, எல்லா ரூமும் நிரம்பியிருக்கு. புதுசா ஒரு ஆள் வந்தா எல்லாரும் அடுத்த ரூமுக்குப் போகணும், முதல் ரூம் காலியாகும், புரியுது. முடிவில்லாத பேர் வந்தா, முடிவிலி ரூம் தள்ளிப் போகச் சொன்னா போதாதா?"

போதாது. 5-ஆம் அறைக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு "எந்தக் கதவைத் தட்ட?" என்று கேட்டால் உங்களிடம் பதில் இல்லை. 5 + முடிவிலி என்ற எண் எந்தக் கதவிலும் எழுதியிருக்காது. அறைகள் முடிவில்லாதவைதான், ஆனால் ஒவ்வொரு அறையின் எண்ணும் சாதாரண முழு எண். கணித மேதை ஹில்பெர்ட்டின் இந்தப் புதிரில் பலரும் வழுக்குவது இங்கேதான்.

அதனால் தள்ளும் தூரம் ஆளுக்கு ஆள் மாற வேண்டும். ஒவ்வொருவரையும் தன் அறை எண்ணின் இரு மடங்குக்குப் போகச் சொல்லுங்கள். 1-இல் இருந்தவர் 2-க்கு, 2-இல் இருந்தவர் 4-க்கு, 37-இல் இருந்தவர் 74-க்கு. இரண்டு பேர் ஒரே அறையில் மோத வழியில்லை: 246-இல் யார் என்று பார்த்தால், பழைய 123-காரர் மட்டும்தான். இப்போது 1, 3, 5 என ஒற்றைப்படை அறைகள் எல்லாம் காலி. வரிசையில் k-ஆவதாக நிற்பவருக்கு 2k − 1. ஐம்பதாவது ஆளுக்கு 99-ஆம் அறை.

ஒரே நிபந்தனை, வந்தவர்கள் வரிசையில் நிற்க முடிய வேண்டும். 0-க்கும் 1-க்கும் இடையிலான ஒவ்வொரு மெய்யெண்ணுக்கும் ஒரு ஆள் என்று வந்தால் அவர்களை வரிசைப்படுத்தவே முடியாது. கணித மேதை கேன்டர் அதை நிரூபித்துவிட்டார். அந்தக் கூட்டத்துக்கு, ஓட்டல் முழுக்கக் காலியாக இருந்தாலும் இடம் பற்றாது.