நியூகிரேஞ்ச்: 2 லட்சம் டன் மேட்டுக்குள் ஒரு கல் அறை

கேள்வி: அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் மாதிரி பெரிய கல்லறை மேடுகளை இரும்பும் சக்கரமும் இல்லாமல் எப்படிக் கட்டினாங்க? அதை வச்சு அந்தக் கால சமூகத்தைப் பத்தி நிஜமாவே ஏதாவது சொல்ல முடியுமா, இல்ல எல்லாம் ஊகம்தானா?

கல்லைத் தூக்கியதுதான் பெரிய சாதனை என்று பலரும் நினைக்கிறார்கள். இந்தக் கட்டடத்தில் அதைவிடக் கடினமான வேலைகள் இரண்டு உண்டு. உள்ளே இருக்கும் அறையையும் அதற்குப் போகும் வழியையும் மேட்டின் எடை நசுக்கிவிடாமல் காப்பது ஒன்று, மழைநீர் உள்ளே இறங்காமல் தடுப்பது இன்னொன்று. முதலாவதில் அவர்களுக்குப் பாதி வெற்றி, இரண்டாவதில் முழு வெற்றி.

முதலில் அளவுகள். பாய்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஏறக்குறைய கி.மு. 3200இல் கட்டப்பட்டது. மேட்டின் குறுக்களவு சுமார் 85 மீட்டர், உயரம் 12 மீட்டரை ஒட்டி. அடிவாரத்தைச் சுற்றி 97 விளிம்புக் கற்கள். தென்கிழக்குப் பக்கம் ஒரு வாசல், அங்கிருந்து 19 மீட்டர் நீளத்துக்கு ஒடுங்கிய நடைவழி, அதன் முடிவில் சிலுவை வடிவில் மூன்று மாடங்கள் கொண்ட அறை. அறையின் கூரை 6 மீட்டர் உயரம். நம்மூர்க் கல்பதுக்கைகளோடு இதைச் சேர்த்துப் பேச வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை இரும்புக் காலத்தவை. இங்கே இரும்பு மட்டுமல்ல, செம்புகூடக் கிடையாது. கல் கோடரி, மரம், கயிறு, தோல், ஆள்பலம், இவ்வளவுதான்.

விளிம்புக் கற்கள் பெரும்பாலும் கிரேவாக் என்ற சாம்பல் நிறக் கடின மணற்கல். கடற்கரையில் இருக்கும் கிளோகர்ஹெட் பகுதியிலிருந்து, 20 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது பரவலான கருத்து. கடலோரமாக மிதக்கவிட்டு ஆற்று வழியே ஏற்றினார்களா, தரையில் இழுத்தார்களா என்பதில் இன்னும் வாதம் ஓடுகிறது. எந்த வழியானாலும் கடைசியில் ஆற்றங்கரையிலிருந்து மேட்டு நிலத்துக்கு இழுத்தே ஆக வேண்டும். அதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாசலில் கிடக்கும் சுருள் கோலம் செதுக்கிய கல் சுமார் 5 டன். மரச்சட்டத்தில் கட்டி, கொழுப்பு தடவிய மரப் பாதையில் இழுத்தால், உராய்வை வெல்ல எடையில் கால் பங்கு விசை வேண்டும், அதாவது சுமார் 1,250 கிலோ. தொடர்ந்து இழுக்கும் ஒருவர் 25 கிலோ விசை தருவார் என்று வைத்தால் 50 பேர். இருபதுக்கு ஒன்று என்ற மிதமான ஏற்றம் வந்தால் இன்னும் 250 கிலோ, அதாவது இன்னும் 10 பேர். ஆக அறுபது பேர் கொண்ட ஒரு குழு போதும். ஊர்த் தேரை இழுக்கும் கூட்டத்தோடு ஒப்பிட்டால் இது சின்னக் கும்பல். கற்களை வைத்து மட்டும் "பேரரசன் இருந்திருக்க வேண்டும்" என்று சொல்லிவிட முடியாது.

இனி அறைக்கு வருவோம். நடைவழியின் இரு பக்கமும் மொத்தம் 43 கற்களைக் குழியில் நிறுத்தி, அடியில் சிறு கற்களைச் செருகி இறுக்கியிருக்கிறார்கள். நடைவழிக்கு மேலே பெரிய பலகைக் கற்கள் கிடையாகக் கிடக்கின்றன. அறைக்கு அப்படிப் போட முடியாது, இடைவெளி அதிகம். அதனால் ஒவ்வொரு வரிசைப் பலகையையும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே நீட்டி நீட்டி அடுக்கி, உச்சியில் மிஞ்சிய ஓட்டையை ஒரே மூடுகல்லால் அடைத்திருக்கிறார்கள். நம் கோயில் கட்டடக் கலையில் கதலிகாகரணம் என்று சொல்வது இதைத்தான். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உட்கூடு எழும்பியதும் இதே தத்துவத்தில்தான்.

உள்ளே நீட்டிய பலகை கவிழாமல் இருக்க, அதன் வால் பக்கம் எடை உட்கார வேண்டும். அந்த எடை மேட்டின் கற்குவியல். ஆகவே அறையைத் தனியாகக் கட்டி முடித்துவிட்டுப் பிறகு மண்ணும் கல்லும் கொட்டி மூடினார்கள் என்ற படம் தவறு. ஒரு வரிசை பலகை, அதன் வால் மீது குவியல், அடுத்த வரிசை, மறுபடி குவியல் என்று இரண்டும் சேர்ந்தே உயர்ந்திருக்க வேண்டும். இதில் ஒரு வசதியும் உண்டு. உயர்ந்துகொண்டே போகும் மேடே சாய்தளம் ஆகிவிடும், சாரம் கட்டத் தேவையில்லை.

தண்ணீர் விஷயத்தில் அவர்கள் காட்டிய கவனம் அசர வைக்கிறது. கூரைப் பலகைகளின் வெளி முனை உள் முனையைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கிறது, கசியும் நீர் வெளிப்பக்கமே ஓடும்படி. நடைவழிக் கூரைக் கற்களின் மேல்முகத்தில் நீர் வடியச் சிறு வாய்க்கால் கொத்தியிருக்கிறார்கள். மேடு எழும்பியதும் அந்த வாய்க்கால்கள் யார் கண்ணுக்கும் தெரியாது. கற்களுக்கு இடையிலான சந்துகளில் எரித்த மண்ணையும் கடல் மணலையும் திணித்திருக்கிறார்கள். 5,000 ஆண்டு அயர்லாந்து மழைக்குப் பிறகும் அறைக் கூரை யாரும் செப்பனிடாமலே நிற்கிறது. அந்தச் சந்துப் பூச்சில் இருந்த கரிதான் நமக்குக் காலத்தையும் தந்தது. மேட்டில் எங்கோ கிடந்த கரி என்றால் முன்பின் சந்தேகம் வரும். கூரைச் சந்தில் அடைத்த கரி கட்டும் நாளில் உள்ளே போனது.

அவர்கள் தோற்றுப்போன இடம் நடைவழி. அறைக் கூரையின் எடை சுற்றிலும் பரவி இறங்குகிறது. நடைவழியிலோ இரண்டு வரிசை நிறுத்துக்கற்களைப் பக்கத்துக் குவியல் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். நூற்றாண்டுகள் போகப் போகக் கற்கள் உட்பக்கம் சாய்ந்து, ஒரு கட்டத்தில் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு வழி குறுகிவிட்டது. தொல்லியலாளர் மைக்கேல் ஓ'கெல்லி 1962இல் தொடங்கி 1975 வரை அகழ்ந்தபோது அவற்றை மறுபடி நிமிர்த்தினார். வெளியேயும் அதே கதைதான். குவியல் பெரும்பாலும் உருண்டை ஆற்றுக் கல். உருண்டைக் கல் ஒன்றை ஒன்று பிடித்து நிற்காது. அதைத் தெரிந்துதானோ என்னவோ, இடையிடையே புல்லோடு வெட்டிய மண் பத்தைகளை அடுக்கியிருக்கிறார்கள். ஆனாலும் விளிம்பு சரிந்து, விளிம்புக் கற்களையும் தாண்டி வெளியே வழிந்துவிட்டது.

படங்களில் பளிச்சென்று தெரியும் வெள்ளைப் படிகக்கல் சுவரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது 20ஆம் நூற்றாண்டுச் சுவர். வாசலுக்கு முன் சரிவின் அடியில் வெள்ளைக் கற்கள் சிதறிக் கிடந்தன. அவை சுமார் 3 மீட்டர் உயரச் செங்குத்துச் சுவரிலிருந்து விழுந்தவை என்று ஓ'கெல்லி முடிவு செய்தார். பின்னால் கான்கிரீட் முட்டுக் கொடுத்து அப்படியே எழுப்பிவிட்டார்கள். கான்கிரீட் இல்லாமல் அந்தச் சுவர் அந்தச் சரிவில் நிற்குமா என்பதுதான் எதிர்ப்பாளர்களின் கேள்வி. எனக்கும் அந்தப் பக்கமே சாய்வு. பக்கத்திலேயே இருக்கும் நௌத் மேட்டில் அதே வகைக் கற்களைத் தரையில் பரப்பிய தளமாகக் காட்டியிருக்கிறார்கள், அது நம்பும்படி இருக்கிறது.

இப்போது சமூகம். மொத்தப் பொருள் சுமார் 2 லட்சம் டன் என்று மதிப்பிடுகிறார்கள். ஒருவர் கூடையில் 25 கிலோ, நாளுக்குப் பத்து நடை என்றால் கால் டன். ஆக 8 லட்சம் ஆள்நாள். விதைப்புக்கும் அறுப்புக்கும் நடுவே ஆண்டுக்கு 60 நாள், 300 பேர் என்றால் 44 ஆண்டு. 500 பேர், 120 நாள் என்றால் 13 ஆண்டுதான். இந்தக் கணக்கிலிருந்து உறுதியாகத் தெரிவது ஒன்றுதான்: சோறு விளைவிக்காத இவ்வளவு உழைப்பைத் தாங்கும் வேளாண்மை அங்கே இருந்தது. மண் பத்தைகளும் இதற்குச் சாட்சி. மேடு உயர உயர, சுற்றுவட்டாரப் புல்வெளியை உரித்து உள்ளே வைத்திருக்கிறார்கள். காட்டில் பத்தை வெட்ட முடியாது. அப்படியானால் அந்த மேட்டு நிலம் அதற்கு முன்பே காடு அழித்துத் திறந்த மேய்ச்சலாக இருந்தது.

வாசலுக்கு மேல் உள்ள சிறு சாளரம் பிரபலம். குளிர்காலச் சூரியத் திருப்பத்தின்போது விடியல் ஒளி அதன் வழியே புகுந்து, சுமார் 17 நிமிடம் அறைத் தரையில் விழும். நடைவழித் தரை வாசலிலிருந்து அறைக்குச் சுமார் 2 மீட்டர் ஏறுகிறது. அதனால் வாசல் வழியாக வரும் ஒளி அறையை எட்டாது. சாளரம் தனியாக வேண்டியிருந்தது அதனால்தான். முதல் கல்லை நடும் முன்பே திசையும் ஏற்றமும் தீர்மானமாகியிருக்க வேண்டும். பல ஆண்டு நீளும் வேலையில் ஒரே திட்டத்தை யாரோ விடாமல் பிடித்திருந்தார்கள். அந்த "யாரோ" அரசனா, பூசாரியா, குல மூத்தோர் சபையா என்பதைக் கல் சொல்லாது.

எலும்பு சொல்லும் என்று 2020இல் பலர் நம்பினார்கள். அறையில் கிடைத்த ஒரு ஆணின் மரபணுவைப் படித்தபோது, அவருடைய பெற்றோர் உடன்பிறந்தவர்களாகவோ, பெற்றவரும் பிள்ளையுமாகவோ இருந்தது தெரிந்தது. கரோமோர், கரோகீல் போன்ற தொலைவுக் கல்லறைகளில் இருந்தோரோடு அவருக்குத் தூரத்து உறவும் இருந்தது. எகிப்து, இன்கா அரச குடும்பங்களில் இருந்தது போன்ற உடன்பிறப்பு மணம், ஆகவே இங்கும் தெய்வ அரசன் என்று செய்தி பரவியது. 2025இல் அதற்கு மறுப்பு வந்தது, அது நியாயமானதும்கூட. ஒரே ஒரு மண்டையோட்டுத் துண்டு. 1699இல் வாசல் திறந்ததிலிருந்து ஆட்கள் புகுந்து கலைத்த அறை. அகழ்வில் கிடைத்த எலும்புகளே குறைந்தது ஐந்து பேருடையவைதான், எரித்ததும் எரிக்காததுமாகக் கலந்து கிடந்தன. ஒரு உடலின் கதையை ஒரு வம்சத்தின் வழக்கமாக மாற்ற இது போதாது.

எலும்பு நிறைய இருந்தால் என்ன தெரியும் என்பதற்கு இங்கிலாந்தின் ஹேசல்டன் நார்த் நீள்மேடு நல்ல உதாரணம். அது நியூகிரேஞ்சைவிட ஏறக்குறைய 500 ஆண்டு மூத்தது. வடக்கிலும் தெற்கிலும் தனித்தனி வாசலுள்ள இரண்டு அறைகள். மரபணு பார்க்கப்பட்ட 35 பேரில் 27 பேர் ஐந்து தலைமுறையாக நீளும் ஒரே குடும்பம். ஒரு ஆண், அவர் பிள்ளை பெற்ற நான்கு பெண்கள், பிறகு அவர்களின் வாரிசுகள். வம்சத் தொடர்ச்சி முழுவதும் ஆண் வழியாகவே போகிறது. ஆனால் யார் எந்தப் பாதியில் என்பதில் தாய் வழியும் கணக்கில் இருந்திருக்கிறது: அந்த நால்வரில் இருவரின் சந்ததி எல்லாத் தலைமுறையிலும் ஒரே பாதியில் வைக்கப்பட்டிருக்கிறது. மனைவியின் முன்னைய உறவில் பிறந்த மகன்களும் உள்ளே இருக்கிறார்கள், ரத்த உறவு இல்லாமலே. வளர்ந்த மகள்கள் மட்டும் இல்லை. வேறு குடிக்கு வாழப் போனவர்கள் அங்கேயே புதைக்கப்பட்டிருக்க வேண்டும்.