கதவுப் பிணைச்சலில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஸ்குரூ ஆணி

கேள்வி: உப்புவெளியில கடலுக்குக் கிட்ட எங்கட வீடு. முன்கதவு இறங்கி நிலத்தில உரசுது. மேல் பிணைச்சல் பித்தளை, மூன்று ஸ்குரூ ஆணி. இரண்டு எவ்வளவு முறுக்கினாலும் சும்மா சுற்றுது. மூன்றாவதுக்குத் தலைக் குழி தேய்ஞ்சு ஸ்குரூ டிரைவர் வழுக்குது. நிலை முதிரை மரம். நானே கழற்றித் திரும்பப் பூட்டலாமா?

பதில்: பூட்டலாம். முதலில் கதவை அரைவாசி திறந்து, கைப்பிடிப் பக்கத்து அடியில் ஆப்பு வைத்துச் சற்றுத் தூக்குங்கள். பாரம் பிணைச்சலில் தொங்கிக்கொண்டிருக்கும்வரை எந்த ஆணியும் நேராக வெளியே வராது.

தலை தேய்ந்ததிலிருந்து தொடங்குங்கள். மற்ற இரண்டையும் முதலில் எடுத்துவிட்டால் பிணைச்சல் ஆடும், ட்ரில் பிடிக்க நிலையான இடம் இருக்காது. குழிக்குள் இருக்கும் பெயின்றையும் கறளையும் கூரான ஆணி நுனியால் சுரண்டி எடுங்கள். பாதித் தேய்மானம் உண்மையில் இந்த அழுக்குத்தான். கறள் இளக்கும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஓர் இரவு வையுங்கள். அடுத்த நாள், குழியை முழுதாக நிரப்பும் ஸ்டார் ஸ்குரூ டிரைவரை வைத்துப் பின்பக்கத்தில் சுத்தியலால் நாலைந்து தட்டுத் தட்டி, உடல் பாரத்தைக் கொடுத்து முதலில் கொஞ்சம் இறுக்குங்கள், பிறகு இடப்பக்கம் திருப்புங்கள். இறுக்கும்போது கறளின் பிடி உடைந்தால் கழற்றுவது சுலபம்.

வராவிட்டால் தலையை வெட்டி எடுக்க வேண்டியதுதான். வாள் அலகால் தலையில் புதிதாகக் கீறல் போடச் சொல்வார்கள். தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது சரி. பிணைச்சலுக்குள் பதிந்த தலையில் அப்படி அறுத்தால் பித்தளையும் சேர்ந்து அறுபடும். 8ஆம் நம்பர் ஆணியென்றால் முதலில் 3 மில்லிமீற்றர் ட்ரில் பிட்டால் தலையின் நடுவில் துளை போட்டு, பிறகு 4.5 மில்லிமீற்றரால் மெதுவான வேகத்தில் இறக்குங்கள். சுமார் 3 மில்லிமீற்றர் ஆழத்தில் தலை தனியாகக் கழன்று பிட்டோடு சுற்றத் தொடங்கும். அங்கேயே நிறுத்துங்கள்.

இனிச் சுற்றும் இரண்டும். தலைக்கு அடியில் தட்டை ஸ்குரூ டிரைவரின் நுனியைக் கொடுத்து நெம்பிக்கொண்டே, மற்றக் கையால் இடப்பக்கம் திருப்புங்கள். வெளியே இழுக்கும் விசை கிடைத்தால்தான் மரை எங்காவது கவ்வி ஏறும். தலை மட்டும் கையோடு வந்தால், துளை தேயவில்லை, உள்ளே தண்டு முறிந்திருக்கிறது என்று அர்த்தம். பிணைச்சலை எடுத்த பிறகு மரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும் தண்டை வைஸ் கிரிப் குறட்டால் கவ்வி இடப்பக்கம் திருப்பினால் வந்துவிடும்.

துளைகளைப் பாருங்கள். உட்சுவர் கறுத்து, ஆணியால் குத்தினால் மா மாதிரி உதிர்கிறதா? இரும்பு ஆணியின் கறள் உப்பு ஈரத்தோடு சேர்ந்து மரநாரைத் தின்றிருக்கிறது. பித்தளைப் பிணைச்சலில் இரும்பு ஆணி போட்டால் கடற்காற்றில் பித்தளை தப்பிக்கும், இரும்புதான் விரைவாகக் கரையும். முதல் பிழை இந்தச் சோடிதான். இறுக்கம் போதாமை அல்ல.

உதிரும் மரத்தில் தீக்குச்சி நுழைத்துப் பயனில்லை. (மரம் கெட்டியாக இருந்து துளை மட்டும் லேசாகப் பெருத்திருந்தால், பசை தடவிய மூங்கில் சிராய் போதும்.) 10 மில்லிமீற்றர் பிட்டால் நல்ல மரம் வரும்வரை துளையுங்கள், பெரும்பாலும் ஒன்றரை அங்குலம். அதே அளவு வைர மரக் குச்சி செதுக்கி, ஈரம் தாங்கும் மரப்பசை பூசி அடித்து இறக்குங்கள். ஒரு நாள் காய்ந்த பின் மட்டமாக வெட்டுங்கள்.

குச்சியின் நார் ஆணியின் போக்கிலேயே ஓடுவதால் அது தனியாகப் பிடிப்பது குறைவு. அதனால் பழையதைவிட அரை அங்குலம் நீளமான ஆணி வாங்குங்கள். நுனி குச்சியைத் தாண்டிப் புது மரத்தைக் கவ்வ வேண்டும். தலை, பிணைச்சலின் குழியில் மட்டமாக உட்கார வேண்டும். பித்தளை அல்லது 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எடுங்கள்.

ஆணியின் முழு நீளத்துக்கும் 3 மில்லிமீற்றர் வழித்துளை போடாமல் முதிரையில் பித்தளையை முறுக்கினால் தலை கையோடு வரும். அதே அளவு இரும்பு ஆணியை ஒருமுறை முறுக்கி எடுத்து மரை வெட்டிக்கொண்டு, பித்தளைக்கு மெழுகுதிரி தேய்த்துப் பூட்டுங்கள். சவர்க்காரம் வேண்டாம், ஈரத்தை இழுக்கும். கடைசிச் சுற்றுகளைக் கையாலேயே இறுக்குங்கள். தலை பிணைச்சலோடு அமர்ந்ததும் விட்டுவிடுங்கள். ஆப்பை எடுத்த பிறகும் கதவு உரசினால், கீழ்ப் பிணைச்சலின் ஆணிகளிலும் இதே கறள் இருக்கிறதா பாருங்கள்.