கணவரின் ரத்தத்தையும் ஏன் கேட்கிறார்கள்?

கேள்வி: என் சொந்தத் தாய்மாமாவைத்தான் கட்டியிருக்கிறேன். இப்போது 9 வாரம். ரத்தத்தில் ‘தலசீமியா டிரெய்ட்’ இருப்பதாகச் சொல்லி, அவரையும் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். ஹீமோகுளோபின் 10.1, எம்.சி.வி. 67, ஏ2 5.2 என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. அவருக்கு ஹீமோகுளோபின் 14. “எனக்கு ரத்தம் நல்லாத்தான் இருக்கு, நம்ம வம்சத்துல யாருக்கும் இந்த நோய் இல்ல” என்கிறார். குழந்தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, இந்த வாரமே அவர் ரத்தம் கொடுக்கட்டும்.

உங்கள் ரிப்போர்ட்டில் குழப்பம் இல்லை. ஏ2 என்பது ஹீமோகுளோபினில் ஒரு சிறு வகை. சாதாரணமாக 3.5 சதவீதத்துக்குள் இருக்கும். சிவப்பணுக்கள் சிறுத்து (எம்.சி.வி. 80-க்குக் கீழே), ஏ2-வும் 5.2 என்றால் நீங்கள், ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோயான பீட்டா தலசீமியாவின் பழுதான மரபணு ஒன்றைச் சுமப்பவர். சுமப்பது மட்டும் நோயல்ல. நீங்கள் இத்தனை வருடம் நடமாடியது போலவே இனியும் இருப்பீர்கள். இரும்புச் சத்து மாத்திரையால் மட்டும் இது மாறாது. ஆனால் இரும்புக் குறைவும் கூடவே இருக்கலாம், அதனால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட் பார்க்காமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

வம்சத்தில் யாருக்கும் இல்லை என்பது எல்லா வீட்டிலும் கேட்கிற பேச்சு. சுமப்பவர்களுக்குத் தொந்தரவு தெரியாது. இருவருமே சுமப்பவர்களாகச் சேரும்போதுதான் ஒரு குழந்தை நோயோடு பிறக்கும். உங்கள் கணவரின் 14-ம் அதனால் ஒன்றையும் நிரூபிக்கவில்லை. ஆண்களில் சுமப்பவர்கள் பலர் அந்த அளவிலேயே இருக்கிறார்கள்.

சரி, தாய்மாமா என்பதால் என்ன கூடுகிறது? அந்தப் பழுதான மரபணு உங்களுக்கு அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்திருக்கும், பாதிக்குப் பாதி. அம்மா வழி என்றால், அது அவருக்கு உங்கள் தாத்தாவிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ வந்தது. அதே தாத்தா பாட்டியின் மகன்தான் உங்கள் கணவர், அவருக்கும் அது வந்திருக்கப் பாதி வாய்ப்பு. பாதியில் பாதி, நாலில் ஒன்று. மாமன் மகனைக் கட்டியிருந்தால் எட்டில் ஒன்று. உறவில்லாத ஒருவர் என்றால் ஏறத்தாழ முப்பதில் ஒன்று. இந்தக் கணக்கெல்லாம் அவர் டெஸ்ட் எடுக்கும் வரைக்கும்தான். அவர் சுமப்பவர் இல்லை என்று தெரிந்தால், இந்த நோயைப் பொறுத்தவரை உறவு ஒரு பொருட்டே இல்லை. சுமப்பவர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நாலில் ஒரு பங்கு ஆபத்து. முதல் பிள்ளை நன்றாகப் பிறந்தால் அடுத்ததற்கு ஆபத்து கூடிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு, அப்படி இல்லை.

அவர் கேட்க வேண்டியது ரத்த அணுக்களை எண்ணி அளக்கும் சி.பி.சி.யும், ஏ2 உட்பட ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி.யும். சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் அரிவாள் செல் நோய்க்காக ‘சிக்கிள் டெஸ்ட்’ என்று சீக்கிரமாகச் செய்யும் கரைதிறன் சோதனை போதாது, தலசீமியாவை அது காட்டாது. நீலகிரியின் இருளர், பணியர் போன்ற பழங்குடி மக்களிடம் காணப்படும் அரிவாள் செல் மரபணுவை எச்.பி.எல்.சி.யே காட்டிவிடும். அரிவாள் செல்லைச் சுமப்பவருக்கு எம்.சி.வி. பெரும்பாலும் சரியாகவே இருக்கும், சி.பி.சி.யை மட்டும் பார்த்தால் தப்பிவிடும். ஒருவர் தலசீமியா, மற்றவர் அரிவாள் செல் என்றாலும் குழந்தைக்கு அதே நாலில் ஒன்றுதான். கடந்த மூன்று மாதத்தில் அவருக்கு ரத்தம் ஏற்றியிருந்தால் முதலில் சொல்லிவிடுங்கள், முடிவு மாறிவிடும். ஏ2 3.5-க்கும் 4-க்கும் நடுவில் வந்தால் ‘நார்மல்’ என்று விட்டுவிடாமல் மரபணு சோதனை கேளுங்கள்.

இருவருமே சுமப்பவர்கள் என்றால் நேரம்தான் முக்கியம். முதலில் உங்கள் இருவரின் மரபணு மாற்றமும் எது என்று ஆய்வகம் கண்டுபிடிக்க வேண்டும். அது தெரியாமல் குழந்தையைச் சோதிக்க முடியாது. 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து சிறு மாதிரி எடுப்பார்கள். தவறினால் 16 வாரத்தில் பனிக்குட நீர். கரு கலைந்துவிடும் ஆபத்து சிறியது, ஆனால் இல்லாமல் இல்லை. நோய் உறுதியானால் என்ன செய்வது என்பது உங்கள் இருவரின் முடிவு. அந்தக் குழந்தைக்கு ஒரு வயதுக்கு முன்பே கூட ரத்தம் ஏற்றத் தொடங்க வேண்டிவரும், பிறகு சில வாரங்களுக்கு ஒருமுறை தொடர வேண்டும், சேரும் இரும்பை வெளியேற்ற மருந்தும் வேண்டும். கர்ப்பத்தைத் தொடர்வதில்லை என்று முடிவெடுத்தால், சட்டம் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தை வைத்தே அனுமதிக்கிறது.

ஒன்றை உங்கள் பாட்டியிடம், அதாவது உங்கள் மாமியாரிடம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யாரிடமிருந்து வந்தது என்று தேடுவது பழி போட அல்ல. பரிசோதனை அவர் பேரப் பிள்ளைகள் எல்லோருக்கும் வேண்டும். உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ அத்தை வீட்டிலோ மாமா வீட்டிலோ சம்பந்தம் பேசுகிறார்கள் என்றால், பூ வைப்பதற்கு முன்பே இருவருக்கும் எச்.பி.எல்.சி. எடுத்துவிடுங்கள்.