கடை பில்லிங்: சொந்த சர்வரா, ஆன்லைன் சேவையா?

மளிகைக்கடை, தென்காசிப் பக்கம்: ரெண்டு கவுண்டர், 3,000 ஐட்டம், 140 பேருக்குப் பற்று. பழைய கம்ப்யூட்டர் போன வாரம் படுத்திருச்சு. கடையிலேயே சர்வர் வைக்க எல்லாம் சேர்த்து 62,000 கேட்கிறாங்க. ஆன்லைன்னா கவுண்டருக்கு வருஷம் 8,000. எது லாபம்?

அண்ணாச்சி, ஆன்லைனுக்கு வருஷம் 16,000 ஆகிறது. நான்கு வருஷத்தில் 64,000. அந்த நான்கு வருஷத்தில் சொந்த சர்வருக்கு யுபிஎஸ் பேட்டரி ஒரு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும், சாப்ட்வேர்காரர் வந்துபோகும் செலவும் இருக்கும். ஆக, பணக் கணக்கு இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்தும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குக் கவுண்டர் கம்ப்யூட்டரின் டிஸ்க் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்த சர்வர் என்றால், வெள்ளிக்கிழமை ராத்திரி எடுத்த பேக்கப்தான் கையில் இருக்கும். சனிக்கிழமை போட்ட பில்லும் எழுதிய பற்றும் போயிற்று. வேறு கம்ப்யூட்டர் வாங்கி, சாப்ட்வேர் போட்டு, லைசென்ஸை அதற்கு மாற்ற வேண்டும். ஞாயிறு யாரும் போன் எடுக்க மாட்டார்கள், திங்கள் மதியம்வரை நோட்டில்தான் எழுத வேண்டியிருக்கும். ஆன்லைன் என்றால் மகனின் லேப்டாப்பைக் கொண்டுவந்து உள்ளே நுழைந்தால், கடைசி பில்வரை அப்படியே இருக்கும்.

சரக்கு இருப்பை ஒரு ராத்திரி உட்கார்ந்து எண்ணிவிடலாம். 140 பேரின் பாக்கியை யாராலும் நினைவிலிருந்து எழுத முடியாது. போன வாரம் படுத்த கம்ப்யூட்டரிலிருந்து பற்றுக் கணக்கு வெளியே வந்ததா? வரவில்லை என்றால், தினமும் பேக்கப் எடுக்க உங்கள் கடையில் ஆள் இல்லை என்று அர்த்தம், ஆன்லைனுக்குப் போங்கள். கடை சாத்தும்போது கல்லா எண்ணுவதுபோல அதையும் தவறாமல் செய்ய ஒருவர் இருந்தால், சொந்த சர்வர் நன்றாகவே ஓடும்.

ஹார்டுவேர் கடை, தாராபுரம்: நான் தினமும் சாப்ட்வேர் ஃபோல்டரைப் பென்டிரைவ்ல காப்பி பண்ணிடறேன். பென்டிரைவ் கம்ப்யூட்டர்லயே சொருகி இருக்கும். அதனால லோக்கல்தான் பத்திரம்னு சொல்றேன். சரிதானே?

தினமும் செய்கிறீர்கள், அது பெரிய விஷயம். ஆனால் காப்பி ஆவது என்ன என்று ஒருமுறை பாருங்கள் அண்ணே. சாப்ட்வேர் ஃபோல்டரில் பெரும்பாலும் புரோகிராம் மட்டும்தான் இருக்கும். எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற டேட்டாபேஸ் சாப்ட்வேரில் ஓடும் பில்லிங்காக இருந்தால், பில்லும் பாக்கியும் வழக்கமாக `C:\Program Files\Microsoft SQL Server` என்ற இடத்துக்குள் `.mdf` என்று முடியும் ஃபைலில் கிடக்கும். எஸ்க்யூஎல் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ஃபைல் காப்பி ஆகாது. சர்வரிடமே பேக்கப் கேட்டு வாங்க வேண்டும்:

```
sqlcmd -S .\SQLEXPRESS -E -Q "BACKUP DATABASE KADAI TO DISK='D:\BK\kadai.bak' WITH INIT"
```

`KADAI` இருக்கும் இடத்தில் உங்கள் டேட்டாபேஸின் பெயர் வரும். `D:\BK` ஃபோல்டரை முதலில் உருவாக்கி வையுங்கள், இல்லையென்றால் பேக்கப் எழுதாது. இலவசமான எக்ஸ்பிரஸ் பதிப்பில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் வசதி கிடையாது. அதனால் இந்த வரியை ஒரு பேட்ச் ஃபைலில் போட்டு, விண்டோஸின் `Task Scheduler` வழியாக ராத்திரி ஓட விடுங்கள். `WITH INIT` முந்தைய நாள் பேக்கப்பின்மேலேயே எழுதிவிடும் என்பதால், இரண்டு பென்டிரைவ் வைத்து மாற்றி மாற்றிக் காப்பி எடுங்கள்.

பென்டிரைவைச் சொருகியே வைப்பதுதான் எனக்குப் பயம். ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால், சொருகியிருக்கும் பென்டிரைவையும் சேர்த்தே பூட்டும். திருடன் கம்ப்யூட்டரைத் தூக்கினால் அதுவும் கூடவே போகும். ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திரும்ப ஏற்றிப் பாருங்கள். போன மாத விற்பனைத் தொகையும் ஐந்து வாடிக்கையாளரின் பாக்கியும் கடையில் இருப்பதோடு ஒத்துப்போனால்தான் அது பேக்கப். இதில் நானே அடிபட்டிருக்கிறேன். ஒரு கடைக்கு எட்டு மாதம் பேக்கப் ஓடியது, தேவைப்பட்ட நாளில் திறந்தால் முதல் மாதத்துக் கணக்கு மட்டும் இருந்தது. டிரைவ் நிறைந்ததை யாரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

மெடிக்கல் ஷாப், மன்னார்குடி: எங்க தெருவுல நெட் அடிக்கடி போகும். நெட் இல்லாதப்பவும் பில் போடலாம்னு ஆன்லைன்காரங்க சொல்றாங்க. அப்ப ரெண்டு கவுண்டர்லயும் ஒரே பில் நம்பர் விழுந்துடாதா சார்?

விழும் அம்மா, இரண்டுக்கும் ஒரே வரிசை வைத்திருந்தால். கவுண்டருக்குத் தனி வரிசை வையுங்கள், ஒன்றுக்கு `A/1`, மற்றதற்கு `B/1` என்று. ஜிஎஸ்டி விதியில் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைக்கு இடமுண்டு. எண் 16 எழுத்துக்குள் இருந்து, தொடர்ச்சியாக ஓடி, அந்த நிதியாண்டில் இரண்டாம் முறை வராமல் இருந்தால் போதும்.

எண்ணைவிட இருப்புதான் உங்களுக்குத் தொல்லை தரும். ஒரு பேட்ச்சில் கடைசி ஸ்ட்ரிப் ஒன்றுதான் இருக்கும். நெட் இல்லாத நேரத்தில் இரண்டு கவுண்டரும் அதையே பில் போட்டால், நெட் வந்ததும் இருப்பு மைனஸில் நிற்கும். பணம் கட்டும் முன் ரௌட்டரை அணைத்துவிட்டு இரண்டு கவுண்டரிலும் பத்துப் பத்து பில் போட்டு, திரும்ப நெட்டை விட்டு, இருபதும் வந்து சேர்ந்ததா, இருப்பு என்ன ஆயிற்று என்று பாருங்கள். ஒரு பில்லுக்கு வெகு கொஞ்சம் டேட்டாதான் ஆகும், செல்போன் ஹாட்ஸ்பாட்டே தாங்கும்.

ஸ்டேஷனரி கடை, விருதுநகர்: சர்வர்னா ஏசி ரூம், பார்த்துக்க தனி ஆள் எல்லாம் வேணுமே? எங்க கடையே பத்துக்குப் பன்னிரண்டு அடிதான்.

நாம் பேசுவது அந்தப் பெரிய சர்வர் இல்லை தம்பி. முதல் கவுண்டரில் பில் போடும் கம்ப்யூட்டர்தான் சர்வர், இரண்டாவது அதோடு ஒயரில் பேசும். கரன்ட் போய் வந்ததும் இரண்டாவது கவுண்டர் மட்டும் "கனெக்ட் ஆகவில்லை" என்றால், பல நேரம் சர்வர் கெட்டிருக்காது. ரௌட்டர் அதற்கு வேறு ஐபி எண் கொடுத்திருக்கும். அந்த எண்ணை ரௌட்டரிலேயே நிரந்தரமாக ஒதுக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரே கவுண்டர் என்றால் இந்தக் கவலையே இல்லை.

ஜவுளிக்கடை, ஈரோடு: நான் ஆன்லைன்ல மூணு வருஷம் இருந்து வெளியே வந்தவன். ஐட்டம் லிஸ்ட் எக்செல்ல வந்துச்சு, பில்லும் பாக்கியும் வரல. ஆன்லைன்னு சொல்றதுக்கு முன்னாடி இதையும் சொல்லுங்க.

நியாயம். நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இலவசமாகப் பார்க்கச் சொல்லும் நாட்களிலேயே ஐட்டம், பில் வாரியான விற்பனை, ஆள் வாரியான பாக்கி மூன்றையும் இறக்கிப் பாருங்கள். சந்தா முடிந்தபின் பழைய பில்லைப் பார்க்கவாவது விடுவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். ஜிஎஸ்டி கணக்கை அந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், அந்தப் பொறுப்பு கடைக்காரருடையது. இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் எழுதித் தருபவர்கள் குறைவு. அதனால் ஆன்லைனில் இருப்பவர்களும் மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியலை இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

மளிகைக்கடை, தென்காசிப் பக்கம்: பற்றுக் கணக்கு வெளியே வரல. வீட்டுக்காரி நோட்டுல 60 பேர் பேர் இருக்கு, மிச்சம் பழைய பெட்டிக்குள்ளதான். அத எடுக்க முடியுமா?

திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள் அண்ணாச்சி. டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் உடனே அணைத்துவிட்டு, டேட்டா மீட்பவரிடம் டிஸ்க்கை மட்டும் கழற்றிக் கொடுங்கள். சத்தம் இல்லாமல் போர்டு மட்டும் போயிருந்தால், டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் சொருகி, பழைய பில்லிங்கும் எஸ்க்யூஎல் சர்வரில் ஓடியதாக இருந்தால் `.mdf`, அதன் கூடவே கிடக்கும் `.ldf` இரண்டு ஃபைலையும் முதலில் காப்பி எடுக்கச் சொல்லுங்கள். அதைத் திறக்கும் எஸ்க்யூஎல் சர்வர் பழைய பெட்டியில் இருந்த பதிப்போ அதைவிடப் புதியதோ ஆக இருக்க வேண்டும், பழைய பதிப்பில் திறக்காது. புதிய முறை எதுவானாலும் இந்த வேலை முடிந்தபின் முடிவு செய்யுங்கள். அதுவரை அந்தப் பெட்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.