கூரை விளக்கை மாற்றுவதற்கு முன் சமையல் மேடையைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் ஒவ்வொரு அறைக்கும் நடுக்கூரையில் ஒரே விளக்குதான். வாட்டைக் கூட்டிப் பார்த்தும் சமையலறையில் வெளிச்சம் போதவில்லை, கூடத்தில் கண் கூசுகிறது. பொது வெளிச்சம், வேலைக்கான வெளிச்சம், எடுப்பாகக் காட்டும் வெளிச்சம் என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். எந்த அறையில், எதிலிருந்து தொடங்குவது?

சமையலறையில், வேலைக்கான வெளிச்சத்திலிருந்து தொடங்குங்கள். வீடுகளுக்கு விளக்கு அமைப்பு வரைந்து கொடுப்பது என் தொழில். எந்த அறையானாலும் நான் முதலில் கேட்பது, இங்கே கைகளும் கண்களும் எந்த இடத்தில் வேலை செய்கின்றன என்பதைத்தான். அந்த இடத்துக்கு விளக்கு வைத்துவிட்டால், அதிலிருந்து சிதறும் ஒளியே அறையின் பொது வெளிச்சத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிடும். மீதியை மட்டும் கூரையிலிருந்து நிரப்பினால் போதும். கூரையில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் வாங்குகிறார்கள், வேலை செய்யும் இடமோ இருட்டாகவே இருக்கிறது.

சமையல் மேடை பொதுவாகச் சுவரை ஒட்டி இருக்கும். அதன் முன் நிற்பவரின் முதுகுக்குப் பின்னால்தான் நடுக்கூரை விளக்கு எரிகிறது. தலையும் தோளும் ஒளியை மறித்து, கத்தி இறங்குகிற இடத்திலேயே நிழலைப் போடுகின்றன. 20 வாட் விளக்கை எடுத்துவிட்டு 40 வாட் போட்டால் நிழலுக்குள் இருக்கும் வெளிச்சமும் வெளியே இருப்பதும் சேர்ந்தே கூடும். இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. கண் விகிதத்தைத்தான் பார்க்கிறது, அதனால்தான் உங்களுக்கு இன்னும் போதவில்லை. இதை நீங்களே சோதிக்கலாம். இரவில் கூரை விளக்கை மட்டும் போட்டு, மேடையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று பாருங்கள். பிறகு ஓரடி பக்கவாட்டில் விலகிப் பாருங்கள். நீங்கள் விலகியதும் தாள் சட்டென்று வெளுத்தால், குறை விளக்கின் அளவில் இல்லை, அது இருக்கும் இடத்தில் இருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அறை 3 மீட்டருக்கு 2.5 மீட்டர். மேடை 2.5 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், அதாவது 1.5 சதுர மீட்டர். நறுக்குவதற்கும் அரிசியில் கல் பார்ப்பதற்கும் மேடையில் ஏறக்குறைய 400 லக்ஸ் வேண்டும். விளக்கு தரும் ஒளியின் அளவைச் சொல்வது லூமென்; ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் விழுந்தால் அது ஒரு லக்ஸ். ஆகவே மேடையில் 600 லூமென் விழ வேண்டும். விளக்கு தருவதில் ஒரு பகுதி சுவரிலும் வெளியிலும் போய்விடும் என்பதால், நான் இதை இரட்டிப்பாக்கி 1,200 லூமென் என்று எடுத்துக்கொள்வேன். மேல் அலமாரியின் அடியில் ஓடும் 2.5 மீட்டர் எல்.இ.டி. ஸ்ட்ரிப்புக்கு அது மீட்டருக்குச் சுமார் 480 லூமென். மீட்டருக்கு 8 வாட் ஸ்ட்ரிப் ஏறக்குறைய 800 லூமென் தரும். மேலே போடும் பால்நிற மூடி அதில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும். மிச்சம் கணக்குக்குப் போதுமானது, சற்று அதிகமும்கூட.

அளவைவிட முக்கியம் ஸ்ட்ரிப்பை ஒட்டும் இடம். பலர் அதை அலமாரியின் அடியில் பின்பக்கம், சுவரை ஒட்டி வைக்கிறார்கள். அப்போது பின்சுவர் மட்டும் பளபளக்கும், முன்னால் நறுக்கும் இடம் மங்கிக் கிடக்கும். மேடைக்கல் மெருகேற்றியதாக இருந்தால், அதில் வரிசையாக ஒளிப்புள்ளிகள் தெரிந்து கண்ணை உறுத்தும். ஸ்ட்ரிப்பை அலமாரியின் முன்விளிம்பை ஒட்டி, சற்றே உட்பக்கமாகச் சாய்த்து வையுங்கள். முன்னால் 3 அல்லது 4 சென்டிமீட்டர் இறங்கும் ஒரு பட்டை இருந்தால், நிற்பவருக்கும் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கும் விளக்கு நேரடியாகத் தெரியாது. ஸ்ட்ரிப்பை மரத்தில் நேராக ஒட்டாதீர்கள். அலுமினியப் பட்டிக்குள் வைத்தால் சூடு வெளியேறும், ஆயுள் கூடும், பால்நிற மூடியையும் அதிலேயே பொருத்தலாம். மேல் அலமாரி இல்லாத மேடை என்றால், கூரைப் பதிவிளக்குகளை அறையின் நடுவில் வைக்காமல் மேடையின் முன்விளிம்புக்கு நேர்மேலே, சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி வரிசையாக வையுங்கள். அப்போது விளக்குக்கும் கைக்கும் இடையில் தலை வராது.

இனி கூரை. 7.5 சதுர மீட்டர் அறைக்குப் பொது வெளிச்சம் 150 லக்ஸ் என்றால் 1,125 லூமென். பாதி வீணாகும் என்று வைத்தாலும் 2,250 லூமென் போதும். இன்றைய எல்.இ.டி.யில் அது 22 வாட் அளவு. பரந்து சிதறும் ஒரே பலகை விளக்காக இருக்கலாம், நான்கு சிறியவையாகவும் இருக்கலாம். மேடை விளக்கும் கூரை விளக்கும், ஒளி மஞ்சளா வெள்ளையா என்பதைக் கெல்வினில் சொல்லும் அளவான நிறவெப்பம் ஒன்றாக, இரண்டும் 3,000 கெல்வின் அல்லது இரண்டும் 4,000 கெல்வின் என்று, இருக்க வேண்டும். ஒன்று மஞ்சளும் மற்றது நீலம் கலந்த வெள்ளையுமாக இருந்தால் அறை அழுக்காகத் தெரியும். காய்கறி வாடியிருக்கிறதா, புதிதா என்று நிறத்தை வைத்துச் சொல்லும் இடம் இது என்பதால், நிறங்களை உள்ளபடி காட்டும் அளவான சி.ஆர்.ஐ. 90க்குக் குறையாத விளக்கை இங்கே வாங்குங்கள். மூன்றாவது அடுக்கான எடுப்பு வெளிச்சம் சமையலறைக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம். அந்தப் பணத்தைக் கூடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கூடத்தில் கண் கூசுகிறது என்கிறீர்கள். அங்கே வெளிச்சம் குறைவதில்லை, வந்து விழும் இடம்தான் தவறு. ஓர் அறை பிரகாசமாக இருக்கிறதா என்று நாம் தரையைப் பார்த்து முடிவு செய்வதில்லை, எதிரே நிற்கும் சுவர்களைப் பார்த்துத்தான் உணர்கிறோம். கூரை முழுக்கக் கட்டம் கட்டமாகப் பதிவிளக்கு போடும் பழக்கம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. தரை பளிச்சிடும், சுவர்கள் இருண்டிருக்கும், எதிரில் பேசுகிறவரின் கண்குழியிலும் மூக்கின் கீழும் நிழல் விழும். அதற்குப் பதில் பொது வெளிச்சத்தை 100 லக்ஸ் அளவில் அடக்கி, சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும்படி கொடுங்கள். மூலையில் மேல்நோக்கி எரியும் நின்ற விளக்கு அல்லது கூரை ஓரத்தில் மறைந்திருக்கும் ஸ்ட்ரிப் இதைச் செய்யும்.

வாசிக்கிற நாற்காலிக்கு ஒரு தனி விளக்கு வேண்டும். தோளுக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில் வையுங்கள். உட்கார்ந்தவரின் கண்மட்டத்துக்கு, அதாவது தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்துக்கு, அதன் குடையின் கீழ்விளிம்பு வர வேண்டும். அதற்கு மேலே இருந்தால் பல்பு கண்ணில் அடிக்கும், மிகவும் கீழே இறங்கினால் பக்கம் முழுக்க வெளிச்சம் பரவாது.

மூன்றாவது அடுக்குக்கு உரிய இடம் கூடம்தான். சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் நடுப்பகுதி தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரம், கூரை 2.7 மீட்டர். ஒளி செங்குத்துக்கோட்டிலிருந்து 30 பாகை சாய்ந்து படத்தின் நடுவில் விழுவது நல்லது. உயர வித்தியாசம் 1.2 மீட்டர், அதை 30 பாகைச் சாய்வுக்கு உரிய 0.58ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். சுவரிலிருந்து அந்தத் தூரத்தில் கூரையில் விளக்கு வர வேண்டும். அதைவிட நெருக்கி வைத்தால் சட்டத்தின் நிழல் படத்தின்மேல் நீளும். மிகவும் தள்ளி வைத்தால் கண்ணாடிச் சட்டத்தில் விளக்கே பிரதிபலிக்கும், பார்க்க வருகிறவரின் நிழலும் படத்தில் விழும். 24 பாகைக் கற்றை விளக்கு இந்தத் தூரத்தில் சுமார் 60 சென்டிமீட்டர் வட்டத்தை நிரப்பும், 36 பாகை 90 சென்டிமீட்டரை நிரப்பும். படத்தின் அளவுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள். சுற்றியுள்ள சுவரைவிடப் படத்தில் மூன்று மடங்காவது ஒளி விழுந்தால்தான் அது எடுப்பாகத் தெரியும். பொது வெளிச்சத்தை அடக்கி வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கூரை விளக்கே எல்லாவற்றையும் வெளுத்துவிட்டால், எந்த எடுப்பு விளக்கும் எடுபடாது. ஓர் அறையில் ஒன்று அல்லது இரண்டு பொருள்களுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.

சாப்பாட்டு மேசைக்குத் தொங்குவிளக்கு பிடித்திருந்தால், மேசைப் பரப்புக்கு மேலே 75 முதல் 80 சென்டிமீட்டர் உயரத்தில் அதன் கீழ்விளிம்பு இருக்கட்டும்.

குளியலறையில் கண்ணாடிக்கு மேலே மட்டும் விளக்கு வைத்தால் புருவமும் மூக்கும் தாடையும் கீழ்நோக்கி நிழல் போடும். சவரம் செய்பவர் தாடைக்கடியைத் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். கண்ணாடியின் இருபுறமும் முகமட்டத்தில் செங்குத்தான விளக்குகள் இருந்தால் ஒன்றின் நிழலை மற்றது அழித்துவிடும். நீர் தெறிக்கும் பகுதிக்கு, நீர் புகாமல் காக்கும் திறனைக் குறிக்கும் ஐ.பி. தரம் குறைந்தது 44 உள்ளதாகப் பாருங்கள். ஷவருக்கு நேர்மேலே என்றால் அதைவிடக் கூடிய தரம் வேண்டும்.

படுக்கையறையில் படுத்தால் கண்ணுக்கு நேரே வரும் கூரை விளக்கைத் தவிர்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கட்டிலின் இருபுறமும் தனித்தனி சுவிட்சோடு, ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் தூங்கும்படி குறுகிய கற்றையுள்ள சுவர்விளக்கு வையுங்கள். இரவில் எழுந்து நடக்கக் கட்டிலுக்கு அடியில் மங்கிய மஞ்சள் ஸ்ட்ரிப் போதும்.

கம்பி இழுப்பதற்கு முன் எலெக்ட்ரீஷியனிடம் இதைச் சொல்லிவிடுங்கள்: ஒவ்வோர் அடுக்குக்கும் தனி சுவிட்ச். மூன்றையும் ஒரே சுவிட்சில் இணைத்துவிட்டால் பிரித்ததன் பயன் போய்விடும். மேடை ஸ்ட்ரிப்புக்கு, வீட்டு மின்சாரத்தை அதற்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் 24 வோல்ட் டிரைவர் எடுங்கள். 2.5 மீட்டருக்கு 20 வாட் என்பதால், டிரைவர் எப்போதும் முழுச்சுமையில் ஓடாதபடி 30 வாட் வாங்குவது நல்லது. அதைச் சுவருக்குள் பூசி மூடாமல் கை எட்டும் இடத்தில் வையுங்கள், ஸ்ட்ரிப்புக்கு முன்னால் பெரும்பாலும் அதுதான் பழுதாகும். டிம்மர் போடுவதானால் விளக்கு, டிரைவர் இரண்டின் பெட்டியிலும் டிம் செய்யக்கூடியது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய குண்டு பல்புக்கான டிம்மர்கள் குறிப்பிட்ட குறைந்தபட்சச் சுமையை எதிர்பார்ப்பவை, சில வாட் எல்.இ.டி. அதை எட்டாது. வெளிச்சத்தைக் குறைக்கும்போது விளக்கு நடுங்கினாலும், அணைத்த பிறகு மெல்ல மினுக்கினாலும், முதலில் டிம்மரை மாற்றிப் பாருங்கள், விளக்கை அல்ல.