அரை மனதோடு சொல்லப்படும் நல்ல வார்த்தை

வணக்கம். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் டெஸ்டிங் குழுவில் இருந்தேன். ஒரு ரிலீஸுக்கு நடுவில் ராஜினாமா செய்ததை என் மேலாளர் மன்னிக்கவே இல்லை. இப்போது இரண்டு இடங்களில் கடைசிச் சுற்றுவரை போனேன். ரெஃபரன்ஸ் கேட்டபின் பேச்சே இல்லை. ஒரு இடத்தில் மட்டும் “உங்கள் மேலாளர் பெரிதாக எதுவும் சொல்லவில்லை” என்றார்கள். என்ன செய்வது?
— ர.

அன்புள்ள ர.,

அவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. “இருந்தார், கொடுத்த வேலையைச் செய்தார்” என்று நிறுத்தியிருப்பார். “மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?” என்றபோது கொஞ்சம் தயங்கியிருப்பார். கேட்பவர்கள் கூர்ந்து கவனிப்பது அந்தக் கேள்வியைத்தான். குறை என்று ஒன்றைச் சொன்னால் உங்களிடம் விளக்கம் கேட்கலாம். தயக்கத்துக்கு என்ன விளக்கம் கேட்பது? அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அவர் தவறான தகவல் தந்தார் என்று காட்ட முடிந்தால் சட்டத்தை நாடலாம். உற்சாகமில்லாத கருத்துக்கு அந்த வழி பெரும்பாலும் உதவாது.

அதனால் உங்களைப் பற்றிப் பேசுபவர் அவர் ஒருவராக மட்டும் இருக்கக் கூடாது. உங்கள் பக் ரிப்போர்ட்டுகளை வாங்கித் திருத்திய டெவலப்மென்ட் லீட், மேலாளருக்கும் மேலிருந்தவர், அங்கிருந்து விலகிவிட்ட பழைய லீட் என உங்கள் வேலையை நேரில் கண்டவர்களைத் தேடுங்கள். பக்கத்து இருக்கை நண்பரின் சொல்லுக்கு அவ்வளவு எடை இராது. “என்னைப் பற்றித் தயங்காமல் பேச முடியுமா?” என்றே கேளுங்கள். பதில் இழுத்தால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். சம்மதித்தவருக்கு அரைப்பக்கக் குறிப்பு அனுப்புங்கள்: எந்த வேலை, யார் அழைக்கக்கூடும், அவரே பார்த்த உங்கள் பணிகளில் எந்த இரண்டைச் சொன்னால் பொருந்தும். இது இல்லாவிட்டால் நல்ல மனதுள்ளவரும் “நல்ல பொண்ணு” என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுவார்.

சில நிறுவனங்கள் கடைசி மேலாளர்தான் வேண்டும் என்பார்கள். அப்போது அவர்கள் அழைப்பதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிட வேண்டும்: “ரிலீஸுக்கு நடுவில் விலகியதில் அவருக்கு வருத்தம் உண்டு. நோட்டீஸ் காலம் முழுதும் இருந்து பொறுப்புகளை ஒப்படைத்துவிட்டுத்தான் வந்தேன். என் வேலையைத் தினமும் பார்த்த லீடிடமும் பேசுங்கள்.” இது உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். மூன்று வாக்கியம் போதும். பழிவாங்குகிறார் என்ற பேச்சே வேண்டாம். அழைத்து முடித்தபின் இதையே சொன்னால் சாக்காகத்தான் கேட்கும்.

பழைய நிறுவனத்தின் ஹெச்.ஆருக்கும் மெயில் அனுப்பி, ரெஃபரன்ஸ் விதி என்னவென்று கேளுங்கள். பதவியையும் பணிக்காலத்தையும் மட்டும் உறுதிசெய்வதே பல இடங்களில் விதி. அப்படியானால் ஹெச்.ஆர் தொடர்பையே கொடுக்கலாம். நண்பரை வேறு நிறுவனத்துக்காரர் போலப் பேசவைத்து வேவு பார்க்காதீர்கள். தெரியவந்தால் அந்த மேலாளரின் கோபத்துக்கு நியாயம் கிடைத்துவிடும்.

ரெஸ்யூமேயில் யார் எண்ணையும் போடாதீர்கள். கேட்கும்போது மட்டும் கொடுத்தால், அழைப்பு வருமுன் அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவைக்க முடியும்.