இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் ஆங்கில ஆசிரியர். ஒரு மாணவி, படத்தில் கேட்டதாக ‘ஹி டின்ட் சீ நோபடி’ என்ற வாக்கியத்தை எழுதிக்காட்டி, “அவன் யாரையும் பார்க்கவில்லை என்றுதானே பொருள்?” என்று கேட்டாள். இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடு ஆகிவிடும், ஆகவே யாரையோ பார்த்தான் என்றே பொருள் என்று விளக்கினேன். அவள் முகத்தில் தெளிவு இல்லை. இப்போது எனக்கும் இல்லை. இப்படிப் பேசுகிறவர்கள் தர்க்கமே இல்லாமல் பேசுகிறார்களா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மாணவி சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறாள். அந்த வாக்கியத்தைச் சொன்னவருக்கும் எதிரே நின்று கேட்டவருக்கும் அதுதான் பொருள். யாரையோ பார்த்தான் என்று அதைப் புரிந்துகொள்ளும் ஒருவரை அந்த வழக்கைப் பேசும் மக்களிடையே நீங்கள் காண மாட்டீர்கள்.

நீங்கள் சொன்ன தர்க்க விதியில் பிழை இல்லை. ஒரு மறுப்பை இன்னொரு மறுப்பு மறுத்தால் உடன்பாடுதான். ‘அவனுக்குத் தெரியாமல் இல்லை’ என்கிறோம். அங்கே ‘இல்லை’ என்பது ‘தெரியாமல்’ என்ற மறுப்பின் மேல் ஏறி அதை அழிக்கிறது. ஆனால் ஒரு வாக்கியத்தில் மறுப்பின் உருவம் இரண்டு இடங்களில் தென்பட்டாலே இரண்டு மறுப்புகள் இருப்பதாக ஆகிவிடாது. ‘பெண்கள் வந்தார்கள்’ என்பதில் ‘கள்’ இரண்டு முறை வருகிறது. பன்மையைப் பன்மையால் பெருக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. பன்மை ஒன்றுதான், பெயரிலும் வினையிலும் அது தன் அடையாளத்தை விட்டிருக்கிறது. இதை இயைபு என்கிறோம். ‘நோபடி’ அந்த வழக்கில் செய்வதும் இதையே. வாக்கியத்தில் உள்ள ஒரே மறுப்பு வினையோடு வருகிறது, அதற்கு இயைந்து ‘எனிபடி’ என்பது ‘நோபடி’ ஆகிறது. மொழியியலில் இதற்கு எதிர்மறை இயைபு என்று பெயர்.

நம் ‘யாரும்’ இதற்கு நெருக்கமானது, ஆனால் அதே சொல் அல்ல. “யார் வந்தார்கள்?” என்ற கேள்விக்கு “யாரும்” என்று மட்டும் விடை சொல்ல முடியாது, ‘இல்லை’ வேண்டும். ‘நோபடி’ தனியாக நின்றும் மறுக்கும், வினையில் மறுப்பு இருந்தால் அதற்கு இயைந்தும் நிற்கும். இரண்டு வேலை செய்யும் இந்தச் சொல்தான் குழப்பத்துக்கு வேர் என்று நினைக்கிறேன். ஸ்பானிய மொழியின் ‘நாதியே’ இப்படிப்பட்டதே: ‘நாதியே வினோ’ என்றாலும் ‘நோ வினோ நாதியே’ என்றாலும் யாரும் வரவில்லை என்றுதான் பொருள். ‘நாதியே’ வினைக்குப் பின்னால் வரும்போது முன்னால் ‘நோ’ வந்தே தீர வேண்டும், விட்டால்தான் பிழை. அதே அமைப்பு ஸ்பானியப் பாடநூலில் இலக்கணமாக இருக்கிறது, ஆங்கில வழக்கில் இருந்தால் தர்க்கக் குறைபாடு ஆகிவிடுகிறது. இந்த அநீதி எனக்குக் கோபமூட்டுகிறது.

கூட்டல் கழித்தல் வாதத்தை அதன் எல்லைவரை கொண்டுபோய்ப் பார்க்கலாம். ‘ஹி எய்ன்ட் நெவர் டன் நத்திங்’ என்பதில் மூன்று எதிர்மறைகள். ஒற்றைப்படை என்பதால் கணக்குப்படி மறுப்பே மிஞ்சுகிறது. அப்படியானால் இது சரியான ஆங்கிலம் என்று ஏற்க வேண்டும். எந்த ஆசிரியரும் ஏற்பதில்லை. அங்கே உண்மையில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது.

இனி ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பிரித்துப் பார்ப்போம். அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1960களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின இளைஞர்களின் பேச்சை ஆராய்ந்தார். புறாக்கூண்டுகளைப் பற்றிய பேச்சில் ஒருவர் சொன்னதை அவர் 1972இல் எதிர்மறை பற்றிய தம் கட்டுரையில் எடுத்து ஆராய்ந்தார்: ‘இட் எய்ன்ட் நோ கேட் கேன்ட் கெட் இன் நோ கூப்’. எந்தப் பூனையும் எந்தக் கூண்டுக்குள்ளும் நுழைய முடியாது என்பது பொருள்.

எதிர்மறை நான்கு இடங்களில் இருக்கிறது. ‘எய்ன்ட்’ என்பதில் இருப்பதுதான் உண்மையான மறுப்பு. ‘நோ கேட்’ அதற்கு இயைகிறது, ஏனெனில் அது குறிப்பிட்ட பூனை அல்ல, ஏதோ ஒரு பூனை. ‘நோ கூப்’ அவ்வாறே. வியப்பானது ‘கேன்ட்’. அது உள்ளே அடங்கிய வாக்கியத்தின் வினை. வெளியே உள்ள மறுப்பு அங்கேயும் தன் அடையாளத்தைப் பதித்திருக்கிறது. பொருளைத் தர்க்கக் குறியீட்டில் எழுதினால் மறுப்புக்குறி ஒன்றே ஒன்று:

```
¬∃x ∃y (பூனை(x) ∧ கூண்டு(y) ∧ நுழையமுடியும்(x, y))
```

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ‘ஐ டின்ட் சீ நோபடி’ என்று இயல்பாகப் பேசும் வெள்ளைத் தொழிலாளர்களின் வழக்குகளிலும் எதிர்மறை இயைபு இருக்கிறது. ஆனால் அங்கே அது உள்வாக்கியத்தின் வினையைத் தொடுவதில்லை. ஆகவே அவர்கள் ‘கேன்ட்’ என்பதை உண்மையான மறுப்பாகவே எடுத்துக்கொள்வார்கள். நுழைய முடியாத பூனையே இல்லை, அதாவது எல்லாப் பூனையும் நுழையும் என்று நேர் எதிராகப் புரிந்துகொள்வார்கள். மறுப்பு எதுவரை பரவலாம் என்பதில் இரண்டு வழக்குகளுக்கும் வெவ்வேறு விதிகள். விதி இல்லாத பேச்சில் இப்படி ஒரு துல்லியமான எல்லைக்கோடு விழாது.

இன்னொரு எல்லையும் உண்டு. கறுப்பின ஆங்கிலத்தில் ‘எய்ன்ட் நோபடி கோயிங்’ என்று துணைவினையை முன்னால் போட்டுச் செய்தியாகச் சொல்லலாம்: யாரும் போகவில்லை. ‘நோபடி’ இருக்கும் இடத்தில் ‘ஜான்’ என்று ஒரு பெயரை வைத்தால் அது செய்தியாக நிற்காது, கேள்வியாகவே ஒலிக்கும். பேசுபவர்களில் பெரும்பாலோர் இந்த விதியைச் சொல்லத் தெரியாதவர்கள். ஆனால் மீறுவதில்லை.

மறுப்பை மறுக்க வேண்டிய தேவை அவர்களுக்கும் வரும். அப்போது அழுத்தம் கைகொடுக்கிறது. ‘ஐ டோன்ட் ஹேவ் நத்திங்’ என்பதைச் சமமாகச் சொன்னால் என்னிடம் எதுவும் இல்லை. ‘நத்திங்’ மேல் ஓங்கி அழுத்தி, உடனே ‘பத்து டாலர் இருக்கிறது’ என்று தொடர்ந்தால், ஒன்றுமே இல்லாதவன் அல்ல நான் என்று பொருள் மாறுகிறது. ஆக, அந்த வழக்கில் இரண்டும் உண்டு, இரண்டையும் பிரித்துக்காட்டும் வழியும் உண்டு.

ஆங்கிலத்துக்கு இது புதிதும் அல்ல. 14ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் கதைமாந்தரான வீரனை அறிமுகப்படுத்தும்போது, அவன் எவரிடமும் எப்போதும் இழிசொல் பேசியதில்லை என்பதற்கு நான்கு எதிர்மறைகளை அடுக்குகிறார். கற்றவர்களின் எழுத்தில் இந்த வழக்கு மெல்ல அருகியது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கில இலக்கண நூலாசிரியர் ராபர்ட் லௌத் இரண்டு எதிர்மறைகள் ஒன்றையொன்று அழிக்கும் என்று எழுதியபோது, அது ஏற்கெனவே பெரும்பாலும் போய்விட்டிருந்தது. அவர்தான் இதை ஒழித்தார் என்று சொல்வது அவருக்கு அதிகப் புகழ்.

வகுப்பில் என்ன சொல்வது? தேர்வு பொது ஆங்கிலத்தில் நடக்கிறது, அதன் இலக்கணத்தில் ‘ஹி டின்ட் சீ எனிபடி’ என்று எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். தர்க்கத்தைக் காரணமாகச் சொல்லாதீர்கள். மாணவி இன்னும் சந்தேகப்பட்டால் வால்கேள்வியைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் உடன்பாட்டு வாக்கியத்துக்கு வழக்கமாக எதிர்மறை வால் வரும், எதிர்மறை வாக்கியத்துக்கு உடன்பாட்டு வால் வரும். அந்த வழக்கைப் பேசுகிறவர் ‘ஹி டின்ட் சீ நோபடி, டிட் ஹி?’ என்றுதான் முடிப்பார். யாரையோ பார்த்தான் என்பது பொருளாக இருந்தால் அங்கே ‘டின்ட் ஹி?’ வந்திருக்க வேண்டும்.

அன்புடன்.